மோட்டார் உறுமுது, சுத்தல: வாரண்டி புகாரை வெச்சு கெட்ட லாட்டைப் பிடிக்கிறது எப்படி

டிஸ்ட்ரிப்யூட்டர் ஆபீஸ்ல மாசக் கடைசியில போடற வாரண்டி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, எந்த மாசம் எத்தனை புகார் வந்துச்சு, எந்தக் கடையில இருந்து வந்துச்சு, எவ்வளவு செலவாச்சு, அவ்வளவுதான் இருக்கும். பில் பாஸ் பண்றதுக்கு இது போதும். ஆனா ஒரு கெட்ட லாட், அதாவது ஒரே சமயத்துல செஞ்ச ஒரு தொகுதி, உள்ள பூந்துடுச்சான்னு கேட்டா இந்த ரிப்போர்ட்டால பதில் சொல்லவே முடியாது, ஏன்னா புகார் வந்த மாசத்துக்கும் சாமான் செஞ்ச மாசத்துக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. ஜனவரியில செஞ்ச பம்ப் பிப்ரவரியில கடைக்கு வந்து, மார்ச்ல வித்து, மே மாசம் நிக்கும். மே மாசத்துக் கணக்குல அது நாலஞ்சு வேற வேற மாசத்துல செஞ்ச பம்போட கலந்து கரைஞ்சு போயிடும்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் சர்வீஸ்ல நாங்க பார்த்த ஒரு விஷயத்தை வெச்சே சொல்றேன், கம்பெனி பேர் வேண்டாம், கணக்கு புரியறதுக்காக எண்களை ரவுண்டா ஆக்கியிருக்கேன். சாமான் அரை எச்பி செல்ஃப் ப்ரைமிங் பம்ப், வீட்டு சம்ப்ல இருந்து மேல் டேங்குக்கு ஏத்தறது. கோயமுத்தூர்ல தயாராகி எங்க குடோனுக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் கடைகளுக்கும் அந்தப் பக்கம் கேரளாவுல வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் கடைகளுக்கும் போகும். மார்ச் கடைசியில இருந்து ஒரே மாதிரி புகார். மோட்டார் உறுமுது, சுத்தல. சித்தூர் கடைக்காரர் ஃபாரத்துல "கறங்கல"ன்னு எழுதுவார், ஆனைமலையில "முனகுது"ன்னு எழுதுவாங்க, ஒருத்தர் "ஜாம்"னு எழுதுவார், இன்னொருத்தர் வெறுமனே "ரிப்பேர்"ம்பார். ஏப்ரல்ல இது உச்சத்துக்குப் போச்சு.

ஏப்ரல்ல உச்சம்னதும் எல்லாரும் ஒரே குரல்ல சொன்ன காரணம் லோ வோல்டேஜ். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. கோடையில எல்லா வீட்லயும் ஃபேன், ஏசி ஓடும், லைன் கடைசியில இருக்கற தோப்பு வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினா மோட்டாரோட ஸ்டார்ட்டிங் இழுவை அதைவிட வேகமா இறங்கும், அது வோல்டேஜோட வர்க்கத்துக்குப் போற சமாச்சாரம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 160 வந்தா இழுவை பாதிக்குக் கீழ போயிடும், மோட்டார் உறுமிட்டு நிக்கும். அதுலயும் கேரளா பக்கத்துக் கடைகள்ல புகார் கொஞ்சம் அதிகமா தெரிஞ்சதால "அங்க லைன் சரியில்ல"ன்னு முடிவே கட்டிட்டாங்க. அந்த முடிவு தப்பு, அது தப்புன்னு கண்டுபிடிச்சது அதே புகார் ஃபாரங்களை வேற மாதிரி அடுக்கினதாலதான்.

முதல்ல புகாரையே சுத்தம் பண்ணணும். உறுமிட்டு சுத்தாம நிக்கறதுக்கு மூணு காரணம் சாதாரணமா இருக்கும். வோல்டேஜ் பத்தல, இல்லைன்னா உள்ள துருவோ உப்போ பிடிச்சு இம்பெல்லர் ஜாம், இல்லைன்னா மோட்டாரைச் சுத்த வைக்கற கண்டென்சர் போச்சு. பின்பக்கம் ஃபேன் கவரைக் கழட்டி ஷாஃப்ட்டைக் கையால சுத்திப் பார்த்தா ஜாமா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஃப்ரீயா சுத்துது, மீட்டர்ல வோல்டேஜும் நல்லா இருக்குன்னா அடுத்தது கண்டென்சர், கழட்டி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீட்டர்ல வெச்சா அதோட கொள்ளளவு எத்தனை எம்எஃப்டி இருக்குன்னு காட்டும். இந்த பம்புக்கு 10 எம்எஃப்டி, 440 வோல்ட், ப்ளஸ் ஆர் மைனஸ் 5 சதவீதம், அதாவது 9.5ல இருந்து 10.5க்குள்ள இருக்கணும். மெக்கானிக் இந்த மூணையும் பார்க்காம நேரா கண்டென்சரை மாத்திட்டு "கண்டென்சர்"னு எழுதிட்டார்னா அந்த வரியை நம்ப முடியாது, அதே பம்ப் பத்து நாள்ல ஜாம்னு திரும்பி வரும். அதனால மீட்டர் ரீடிங் எழுதியிருக்கற ஃபாரத்தை மட்டும் கண்டென்சர் கணக்குல சேர்த்தோம், மத்ததை எல்லாம் தனியா வெச்சோம்.

அடுத்தது சீரியல் நம்பர். பேக்கிங்ல வர்ற சாமானுக்கு செஞ்ச மாசமும் வருஷமும் அச்சடிக்கணும்னு 2011ம் வருஷத்து லீகல் மெட்ராலஜி பேக்கேஜ் சரக்கு விதிகள்லயே இருக்கு, ஆனா அது இருக்கறது அட்டைப் பெட்டியில. பெட்டி வீட்டுக்குப் போன அன்னிக்கே போயிடும். பம்ப் மேல இருக்கற நேம் ப்ளேட் நம்பர்தான் நமக்கு மிஞ்சறது. இந்தக் கம்பெனி நம்பர் `2401-00872` மாதிரி இருக்கும், முதல் நாலு இலக்கம் 24ம் வருஷம் 01ம் மாசம், அதுக்கப்புறம் அந்த மாசத்துல ஓடற வரிசை எண். இதுல ஒரு பொறி இருக்கு. வாடிக்கையாளர் சண்டை போட்டா கடைக்காரர் புது பம்பை எடுத்துக் குடுத்துடுவார், அப்புறம் க்ளெய்ம் ஃபாரத்துல அவசரத்துக்குப் புது பம்போட நம்பரை எழுதிடுவார், பழசோட நம்பர் காணாம போயிடும். அப்படி வந்தா நல்ல மாசம் மேல பழி விழும். நேம் ப்ளேட் போட்டோ இல்லாத க்ளெய்மை அலசல்ல சேர்க்கறது இல்லைன்னு வெச்சோம், பணம் குடுத்துடுவோம், அது வேற.

விற்ற தேதியிலயும் இதே கவனம் வேணும். வாரண்டி முடிஞ்ச பம்பை உள்ள இழுக்கறதுக்குப் பில் தேதியை மாத்தி எழுதறது உண்டு, வரிசையா பத்து பில்லும் 1ம் தேதின்னு வந்தா சந்தேகப்படணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். செஞ்ச மாசவாரியா புகாரை எண்ணினா மட்டும் போதாது, அந்த மாசத்து பம்ப் எத்தனை வெளியே ஓடுதுன்னு தெரிஞ்சு அதால வகுக்கணும். டிசம்பர் சரக்கு 600 வித்திருந்தா ஜனவரி சரக்கு 300ஐ விட புகார் ஜாஸ்தியா வர்றது இயல்பு. இன்னொன்னு வயசு. நவம்பர் பம்ப் ஆறு மாசமா ஓடுது, மார்ச் பம்ப் இப்பத்தான் மாட்டியிருக்காங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. அதனால எல்லாத்தையும் ஒரே வயசுல நிறுத்திப் பார்க்கணும்: வித்த நாள்ல இருந்து முதல் 90 நாளுக்குள்ள வந்த புகார் மட்டும், அதுவும் வித்து 90 நாள் முழுசா முடிஞ்ச பம்புகளுக்கு மட்டும். எத்தனை வித்துச்சுங்கறது நம்ம பில்லுல இருக்காது, நம்ம பில் கடைக்குப் போனதைத்தான் சொல்லும், கடையில தூங்கிட்டு இருக்கற பம்ப் ரிப்பேர் ஆகாது. அதுக்காக மாசக் கடைசியில ஒவ்வொரு கடையிலயும் மிச்சம் இருக்கற சீரியல் நம்பர் பட்டியலை வாங்கி, போனதுல இருந்து கழிச்சோம். கொஞ்சம் நச்சு வேலைதான், ஆனா இது இல்லைன்னா கீழ இருக்கற சதவீதம் எல்லாம் கற்பனை.

ஷீட்ல பண்றது சுலபம். சீரியல்ல இருந்து `=LEFT(D2,4)` போட்டு மாசத்தைப் பிரிச்சு F நெடுவரிசையில வெச்சுக்கிட்டா, ஜனவரிக்கு எண்ணறது இப்படி:

```
=COUNTIFS(Claims!F:F,"2401",Claims!H:H,"CAP",Claims!J:J,"<=90",Claims!I:I,"<="&TODAY()-90)
```

H நெடுவரிசையில காரணம், CAPன்னா கண்டென்சர், I நெடுவரிசையில வித்த தேதி, J நெடுவரிசையில வித்த தேதிக்கும் புகார் தேதிக்கும் நடுவுல இருக்கற நாள். ஜூன் கடைசியில எங்களுக்குக் கிடைச்சது இது.

| செஞ்ச மாசம் | 90 நாள் முடிஞ்ச பம்ப் | கண்டென்சர் புகார் | சதவீதம் |
|---|---|---|---|
| நவம்பர் | 400 | 2 | 0.5 |
| டிசம்பர் | 600 | 4 | 0.7 |
| ஜனவரி | 300 | 15 | 5.0 |
| பிப்ரவரி | 500 | 10 | 2.0 |
| மார்ச் | 60 | 0 | 0 |

மார்ச் ஜீரோன்னு பார்த்து "கம்பெனி சரி பண்ணிடுச்சு"ன்னு நினைக்கக் கூடாது. 60 பம்பை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, வழக்கமான கணக்குலயே அதுல அரை புகார்கூட எதிர்பார்க்க முடியாதே. ஆனா ஜனவரி அப்படி இல்ல. நவம்பர், டிசம்பர் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஆயிரத்துக்கு ஆறு, அந்தக் கணக்குல 300க்கு ரெண்டு புகார் வந்திருக்கணும், வந்தது 15. ரெண்டு வர வேண்டிய இடத்துல மூணோ நாலோ வந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன், சின்ன எண்ணிக்கையில அப்படி ஏறி இறங்கறது சகஜம். பதினஞ்சு வர்றது தற்செயல் இல்ல.

சரி, வோல்டேஜ் வாதம் என்னாச்சு? அதையும் இதே ஷீட்ல சோதிக்கலாம். எங்க பில்லுல கடைக்காரரோட ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, அதுல முதல் ரெண்டு இலக்கம் 33ன்னா தமிழ்நாடு, 32ன்னா கேரளா. அதை வெச்சு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சோம். ஜனவரி பம்ப் தமிழ்நாட்டுப் பக்கம் 170, அதுல 8 புகார். கேரளா பக்கம் 130, அதுல 7. டிசம்பர் பம்ப் தமிழ்நாட்டுல 350க்கு 2, கேரளாவுல 250க்கு 2. லைன்தான் காரணம்னா கேரளா பக்கத்து டிசம்பர் பம்பும் சேர்ந்து படுத்திருக்கணும், இந்தப் பக்கத்து ஜனவரி பம்ப் தப்பிச்சிருக்கணும். ரெண்டும் நடக்கல. ஒரே தெருவுல, ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர்ல டிசம்பர் பம்ப் ஓடிட்டிருக்கு, ஜனவரி பம்ப் நிக்குது. அங்க புகார் அதிகமா தெரிஞ்சது 5.4க்கும் 4.7 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம், அது ஒரே ஒரு புகார் அளவுதான். கோடை சூடு ஒரு பங்கு சேர்த்திருக்கும், அதை நான் மறுக்கல, ஆனா கெட்டதைச் சீக்கிரம் கெடுத்ததுதான் சூடு, நல்லதைக் கெடுக்கல.

இத்தோட "ஜனவரி லாட் கெட்டது"ன்னு ரிப்போர்ட் எழுதி அனுப்பிடறது வழக்கம். இங்கதான் நான் எல்லாரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுவேன். ஜனவரிங்கறது பம்பை அசெம்பிள் பண்ணின மாசம். கெட்டுப் போனது கண்டென்சர், அது வெளியில இருந்து வாங்கிப் போடறது, அதுக்குத் தனி லாட், தனி தேதி உண்டு. கண்டென்சர் வர்றது பெட்டி பெட்டியா, ஒரு பெட்டி ஜனவரி நடுவுல திறந்து பிப்ரவரி வரைக்கும் ஓடியிருக்கலாம், பக்கத்து டேபிள்ல வேற பெட்டி திறந்திருக்கலாம். பிப்ரவரி 2 சதவீதம்னு நடுவுல நிக்கறதே அதுக்கு அடையாளம், முழுசா கெட்டதும் இல்ல, முழுசா நல்லதும் இல்ல, கலந்திருக்கு. ஜனவரியை மட்டும் திரும்பக் கூப்பிட்டா ஜனவரி முதல் பாதியில இருக்கற நல்ல பம்பை எல்லாம் வீணா திறப்போம், பிப்ரவரியில இருக்கற கெட்டதை விட்டுடுவோம்.

அதனால ஜனவரி, பிப்ரவரி புகார் 25ஐயும் சீரியல் வரிசையில அடுக்கினோம். ஜனவரியில `2401-01150`க்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம். பிப்ரவரியில பெரும்பாலானது முதல் ஆயிரம் நம்பருக்குள்ள. நடுவுல தொடர்ச்சியா ஒரு கொத்து, ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு இருக்கு. மாசக் கணக்கு மறைச்சு வெச்சதை வரிசை எண் காட்டிக் குடுக்குது.

அடுத்தது கழட்டின கண்டென்சர் மேல அச்சடிச்சிருக்கற கோடு நம்பர். 25ல 19தான் கைக்குக் கிடைச்சது, மிச்சத்தை மெக்கானிக்குகள் தூக்கிப் போட்டுட்டாங்க. அந்த 19ல 16 மேல `5123`ன்னு இருந்துச்சு, சப்ளையர் வழக்கப்படி 23ம் வருஷம் 51வது வாரம். டிசம்பர் பம்ப்ல இருந்து கிடைச்ச பழசுல அந்தக் கோடு ஒண்ணுகூட இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் பிடிச்சாச்சுன்னு சொன்னாங்க. ஆனா ஒரு கேள்வி மிச்சம். ஜனவரி, பிப்ரவரி பம்ப் எல்லாத்துலயுமே 5123தான் மாட்டியிருந்தா, கெட்டதுலயும் 5123 இருக்கறது ஒரு விஷயமே இல்ல. கெட்டதுல எவ்வளவு இருக்குன்னு பார்த்தா போதாது, நல்லதுல எவ்வளவு இருக்குன்னும் பார்க்கணும். கடைகள்ல விக்காம இருந்த அந்த ரெண்டு மாசத்து பம்ப் 40ஐ எடுத்து டெர்மினல் பாக்ஸ் மூடியைக் கழட்டிப் பார்த்தோம். 12ல 5123, 28ல வேற கோடு. அதாவது பொதுவுல 30 சதவீதம் பம்ப்ல இருக்கற கோடு, படுத்த பம்ப்ல 84 சதவீதம்.

இதை வெச்சு ஒரு தோராயக் கணக்கு போடலாம். 90 நாள் முடிஞ்ச ஜனவரி, பிப்ரவரி பம்ப் 800. அதுல 30 சதவீதம்னா 240 பம்ப்ல 5123. புகார் 25ல 84 சதவீதம் 21. ஆக 240க்கு 21, கிட்டத்தட்ட 9 சதவீதம். மிச்சம் 560 பம்புக்கு 4 புகார், அது 0.7 சதவீதம், டிசம்பரோட அதே அளவு. கெட்ட லாட்டைத் தனியா எடுத்ததும் மிச்சம் எல்லாம் வழக்கமான நிலைக்குத் திரும்புதே, இது எனக்கு எல்லாத்தையும்விட பெரிய சாட்சி. தப்பான இடத்துல வெட்டியிருந்தா மிச்சத்துலயும் புகார் ஜாஸ்தியாவே நின்னிருக்கும். கடையில விக்காம மிஞ்சினதை வெச்சுப் போட்ட 30 சதவீதம்ங்கறதால இது தோராயம்தான், சரியான எண் கம்பெனி ஸ்டோர்ஸ்ல, எந்த நாள் எந்தப் பெட்டி லைனுக்குப் போச்சுங்கற இஷ்யூ ஸ்லிப்ல இருக்கு. அதைக் கேக்கறதுக்கு நமக்கு ஒரு ஆதாரம் வேணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

கம்பெனி முதல்ல குடுத்த பதில், "எங்க ஸ்டாக்ல இருக்கற 5123ஐ மீட்டர்ல செக் பண்ணினோம், எல்லாம் சரியா இருக்கு". அவங்க பொய் சொல்லல. நாங்களும் அந்த 12 புது கண்டென்சரை வெச்சுப் பார்த்தோம், 9.6ல இருந்து 10.1 வரைக்கும் காட்டுச்சு, எல்லாம் பாஸ். படுத்த பம்ப்ல இருந்து வந்தது 4, 5, 7ன்னு காட்டுச்சு. இந்த வகை கண்டென்சர்ல ப்ளாஸ்டிக் ஃபிலிம் மேல ரொம்ப மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும், அதைச் சுருட்டி ரெண்டு முனையிலயும் உலோகத்தை ஸ்ப்ரே பண்ணி ஒயர் இணைப்பாங்க. அந்த ஸ்ப்ரே சரியா ஒட்டலைன்னாலும், உள்ள ஈரம் நின்னுட்டாலும், புதுசுல எம்எஃப்டி சரியாத்தான் காட்டும். மோட்டார்ல மாட்டி ஓட்டும்போது அதுமேல வர்ற வோல்டேஜ் லைன் வோல்டேஜைவிட அதிகம், அதுக்காகத்தான் 440னு போடறாங்க, அந்த வோல்டேஜ்லயும் சூட்டுலயும் முனை இணைப்பு சூடேறி விட்டுப் போகும், பூச்சு அரிச்சு கொஞ்சம் கொஞ்சமா எம்எஃப்டி இறங்கும். கையில வெச்சிருக்கற மீட்டர் சில வோல்ட்ல அளக்கறது, அதுக்கு இது தெரியாது. கண்டென்சருக்குள்ள வீணாகற சக்தியைக் காட்டற டான் டெல்டாவை அளக்கற கருவி வேணும், இல்லைன்னா சூடான அறையில வோல்டேஜ் குடுத்து நூத்துக் கணக்கான மணி நேரம் ஓட்டற எண்டியூரன்ஸ் டெஸ்ட் வேணும், ஏசி மோட்டார் கண்டென்சருக்கான ஐஎஸ் 2993லயே எண்டியூரன்ஸ் டெஸ்ட் இருக்கு. அதனால புதுசை அளந்து லாட் நல்லதுன்னு சொல்றதை ஒத்துக்க வேண்டியதில்ல. ஓடி வந்த பழசைத்தான் ஆதாரமா வைக்கணும், மெக்கானிக் அதைத் தூக்கிப் போடறதை நிறுத்தறதுதான் இந்த மொத்த வேலையிலயும் கஷ்டமான பகுதி. பழசைக் குடுத்தாத்தான் புதுசுன்னு ஒரு விதி வெச்ச பிறகுதான் வர ஆரம்பிச்சுது.

நாங்க அனுப்பின ரிப்போர்ட் ஒரே பக்கம். மேல இருக்கற டேபிள், ரெண்டு மாநிலமா பிரிச்ச கணக்கு, சீரியல் வரிசையில புகார், கோடுவாரியா பழசு 19ம் புதுசு 40ம், கழட்டினதோட மீட்டர் ரீடிங், ஆறு பழசு பார்சல்ல. "தரம் மோசம்"னு ஒரு வார்த்தை எழுதல. கேட்டது ரெண்டு: 5123 எந்த சீரியல்ல இருந்து எந்த சீரியல் வரைக்கும் போச்சுன்னு ஸ்டோர்ஸ் ஸ்லிப், அப்புறம் வெளியே இருக்கறதை மாத்த கண்டென்சர். ரெண்டும் வந்துச்சு. ஸ்லிப் காட்டின எல்லை எங்க கொத்தோட ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா இருந்துச்சு, அது இயல்புதான், ஓரத்துல இருக்கற பம்ப் இன்னும் படுக்கல. அந்த அகலமான எல்லையைத்தான் எடுத்துக்கிட்டோம். கடையில இருந்ததை மூடி கழட்டி கோடு பார்த்து மாத்தினோம், வித்துப் போனதுக்கு பில்லுல போன் நம்பர் இருக்கற வீடுகளுக்குக் கூப்பிட்டோம், நம்பர் இல்லாத வீடுகளுக்கு எந்தக் கண்டென்சர் புகார் வந்தாலும் தேதி பார்க்காம இலவசமா மாத்தறதுன்னு கடைக்காரங்ககிட்ட எழுதிக் குடுத்தோம்.

மாத்தின பம்புக்கு ஷீட்ல தனியா ஒரு நெடுவரிசை போட்டிருக்கோம், மாத்தின நாள்ல இருந்து 90 நாள் எண்ணறதுக்கு. அதுல புகார் ஆயிரத்துக்கு அஞ்சாறுக்கு மேல போனா காரணம் கண்டென்சர் மட்டும் இல்லைன்னு அர்த்தம், அப்ப வைண்டிங் பக்கம் தேடணும்.